இன்னாசெய் தாரை ஒறுத்தல்: ஒரு குறளைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயஞ் செய்து விடல்.

(திருக்குறள் 314, அறத்துப்பால், துறவறவியல், இன்னாசெய்யாமை)

வெள்ளவத்தையில பிள்ளை போற வகுப்பில இதைப் பாடமாக்கச் சொன்னாங்கள். "கெடுதல் செய்தவனுக்கும் நல்லது செய்" என்ட ஒரு வரிதானே? இதில பிரிச்சுப் பார்க்க என்ன இருக்கு?

அந்த ஒரு வரியில் குறளின் மூன்று சொற்கள் காணாமற் போய்விட்டன: ஒறுத்தல், நாண, விடல். மூன்றும் நீங்கினால் மிஞ்சுவது நல்ல அறிவுரை. அதை யாரும் எந்த மொழியிலும் சொல்லியிருப்பார்கள்.

குறள் இங்கே "நல்லது செய்" என்று ஏவவில்லை. தண்டித்தல் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. கெடுதல் செய்தவரைத் தண்டிக்கத்தான் வேண்டும் என்று எண்ணுகிறவரிடம் "சரி, தண்டியுங்கள், தண்டனை என்பது இதுதான்" என்று சொல்லி, அவர் கையில் இருந்த சொல்லையே எடுத்து அதன் உள்ளடக்கத்தை மாற்றிவைக்கிறது. கோபத்தோடு நிற்பவரிடம் மன்னித்துவிடு என்றால் அவர் காதைப் பொத்திக்கொள்வார். தண்டிக்கும் வழி சொல்கிறேன் என்றால் கேட்பார். இந்தப் பேச்சுமுறை முழுவதும் "ஒறுத்தல்" என்ற ஒரே சொல்லில் தங்கியிருக்கிறது.

எங்க தொடங்கிறது? அச்சில இருக்கிற மாதிரியே பிரிச்சால் "தாரை" என்டு ஒரு சொல் வருதே, அது என்ன?

அது சொல் அன்று, சீர். குறள் வெண்பாவின் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர், ஆக ஏழு. அச்சில் இடைவெளி விட்டிருப்பது இந்தச் சீர்களுக்கு நடுவே. ஓசைக்காக வெட்டிய இடமும் பொருளுக்காக வெட்டும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. இங்கே முதற் சீர் "இன்னாசெய்", இரண்டாம் சீர் "தாரை". "செய்தாரை" என்ற ஒரு சொல் இரண்டு சீர்களுக்குள் பகிர்ந்து கிடக்கிறது. முதன்முதலாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி, "தாரை" என்பதற்கு அகராதி தேடப் போகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, சீர் இடைவெளியை மறந்துவிட்டு ஏழு சீரையும் ஒரே நீட்டாக எழுதிக்கொள்வது. அடுத்தது, புணர்ச்சியால் மாறிய எழுத்துகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. "நன்னயஞ் செய்து" என்பதில் உள்ள ஞ், அடுத்து வரும் சகரத்துக்காக மகரம் திரிந்து வந்தது; பிரித்தால் "நன்னயம் செய்து". அந்த நன்னயத்தை இன்னும் பிரித்தால் நன்மை + நயம். இப்போது எட்டுச் சொல் கையில் நிற்கும்: இன்னா, செய்தாரை, ஒறுத்தல், அவர், நாண, நன்னயம், செய்து, விடல்.

இந்த எட்டையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் இடம் விட்டுக்கொள்ளுங்கள். உரையைத் திறக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். உரையை முதலில் படித்தால் உரையாசிரியர் சேர்த்த சொல் எது, குறளில் உள்ள சொல் எது என்று பிரித்தறிவது பிறகு கடினம்.

இலக்கணம் எனக்குப் பெரிசா வராது. அது இல்லாமலே விளங்கிக்கொள்ள ஏலாதா?

பெயர்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வினைச்சொல்லையும் பார்த்து "இதைச் செய்பவர் யார்?" என்று கேட்டால் போதும். இந்தக் குறளில் வினையடியாகப் பிறந்த சொற்கள் ஐந்து: செய்தாரை, ஒறுத்தல், நாண, செய்து, விடல்.

"செய்தார்" இறந்தகாலம். கெடுதல் நடந்து முடிந்துவிட்டது. செய்யப்போகிறவரைப் பற்றிய பேச்சு இது இல்லை. அந்த ஈறு ஆட்களைக் குறிக்கும் பலர்பால் ஈறு. பகைவர், அயலார், உறவினர் என்று எதுவும் சொல்லப்படவில்லை. இதற்கு முன் வரும் "இன்னா" என்பது "இனிய" என்பதன் எதிர்மறை, அதுவும் பன்மை: இனியவை அல்லாதவை. அடித்தாரா, ஏசினாரா, காணியைப் பிடித்தாரா என்பது திறந்தே கிடக்கிறது. ஆளும் திறந்து, செயலும் திறந்து கிடப்பதால் படிப்பவர் தம் வாழ்க்கையில் உள்ள ஆளையும் செயலையும் அங்கே வைத்துக்கொள்ள முடிகிறது. சுருக்கம் பொருளை விரிக்கும் முதல் இடம் இது.

"செய்து" என்ற எச்சத்துக்கும் "விடல்" என்பதற்கும் செய்பவர் ஒருவரே. "பாடம் படித்து வந்தாள்" என்றால் படித்தவளும் வந்தவளும் ஒருத்திதான்; வேறாக இருக்க முடியாது. ஆனால் "நாண" என்ற வடிவம் வேறு ஆளை ஏற்கும். "நெல் விளைய மழை பெய்தது" என்ற வாக்கியத்தில் விளைவது நெல், பெய்வது மழை. அதுபோலவே இங்கு நாணுகிறவர் ஒருவர், நன்னயம் செய்கிறவர் இன்னொருவர். "அவர்" என்ற எழுவாயும் தெளிவாகவே தரப்பட்டிருக்கிறது.

இனி, குறளில் இல்லாதவற்றைப் பாருங்கள். தண்டிப்பவர் யார் என்று சொல்லவில்லை. நன்னயம் யாருக்குச் செய்வது என்று சொல்லவில்லை. விடுவது எதை என்றும் சொல்லவில்லை. முதல் இரண்டையும் நிரப்புவது எளிது: கெடுதலை அனுபவித்தவர், கெடுதல் செய்தவருக்கு. மூன்றாவதில்தான் உரைகள் பிரிகின்றன. அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

ஒறுத்தல் என்டால் தண்டித்தல்தானே. அதுக்கு ஏன் இவ்வளவு விளக்கம்?

அகராதிப் பொருள் அதுதான். ஆனால் இந்த நூலுக்குள்ளேயே அந்தச் சொல் எப்படி நடமாடுகிறது என்று பார்த்தால்தான் இங்கே நடந்த மாற்றம் தெரியும்.

பொறையுடைமை அதிகாரத்தில் அது இரண்டு முறை வருகிறது. "ஒறுத்தாரை ஒன்றாக வையாரே வைப்பர் / பொறுத்தாரைப் பொன்போற் பொதிந்து" என்பது 155. "ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம் பொறுத்தார்க்குப் / பொன்றுந் துணையும் புகழ்" என்பது 156. இரண்டிலும் ஒறுத்தவருக்கு எதிரே பொறுத்தவர் நிறுத்தப்படுகிறார். ஒறுத்தவரை உலகம் பொருட்படுத்தாது. அவருக்குக் கிடைப்பது ஒரு நாள் இன்பம் மட்டும். அதாவது அங்கே ஒறுத்தல் பொறுமையின் தோல்வி.

314க்கு வரும்போது அதே சொல் மறுக்கப்படவில்லை. "ஒறுக்காதே" என்று சொல்லியிருந்தால் அது 156இன் மறுபதிப்பாக இருந்திருக்கும். இங்கே ஒறுத்தல் எழுவாயாக உட்கார்ந்திருக்கிறது. "இன்னா செய்தாரை ஒறுத்தல்" என்பது வரை எழுவாய்ப் பகுதி, எஞ்சியது பயனிலை. ஒறுத்தல் வேண்டுமென்பவருக்கு அதன் முழுப் பொருளும் பயனிலையில் கிடைக்கிறது, அவர் எதிர்பாராத வடிவில். 155ஐயும் 156ஐயும் படித்துவிட்டு இங்கு வருகிறவருக்குச் சொல்லின் இந்தத் திருப்பம் இன்னும் கூர்மையாகப் படும்.

அப்ப, களவெடுத்தவனை, அடிச்சவனைப் பற்றிப் பொலிசில முறைப்பாடு குடுக்கக் கூடாது என்டா வள்ளுவர் சொல்றார்?

இல்லை. அதற்கு அதிகாரத்தையும் இயலையும் பார்க்கவேண்டும். இன்னாசெய்யாமை துறவறவியலில் இருக்கிறது. பரிமேலழகரும் இங்கே ஒறுப்பவர் துறந்தார் என்றே எடுத்துக்கொள்கிறார். அரசு செய்யும் தண்டனை பொருட்பாலில், செங்கோன்மை அதிகாரத்தில் வருகிறது: "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் / களைகட் டதனொடு நேர்" (550). அதே ஒறுத்தல் என்ற சொல், ஆனால் செய்பவர் வேந்து. அங்கே அது பயிரைக் காக்கக் களை பிடுங்குவதற்கு ஒப்பாகிறது.

ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு பொறுப்பை ஏற்கிறது. தனி மனிதர் தமக்கு நேர்ந்த கெடுதலுக்கு மனதளவில் என்ன செய்வது என்பது 314. ஊரைக் காக்கும் கடமை உள்ளவர் என்ன செய்வது என்பது 550. ஒன்றைக் கொண்டு மற்றதை அடித்தால் இரண்டுமே பிழையாகிவிடும். துறந்தாருக்குச் சொன்னதை இல்லறத்தார் தமக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். குறளின் சொற்களில் துறவியை மட்டும் குறிக்கும் எதுவும் இல்லை. நீதிமன்றத்துக்குப் பதிலாக இதை வைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒருத்தரை வெட்கப்படுத்தவேண்டும் என்டே நல்லது செய்தால், அது பழிவாங்கல்தானே? நயமான பழிவாங்கல்.

இந்தக் குறளைப் பற்றிக் கேட்கத்தக்க மிக நல்ல கேள்வி இது. விடை இரண்டு சொற்களில் பகிர்ந்திருக்கிறது: பாதி "நாண" என்பதில், பாதி "விடல்" என்பதில்.

முதலில், குறளில் இருப்பது "நாண", அதாவது அவர் தாமாக நாணுவது. நாம் அவரை நாணச் செய்வது என்ற வடிவம் இங்கே இல்லை. நாணம் அவருக்குள் எழுகிறது. அடுத்து, நாண் என்பதற்கு இந்த நூல் தரும் பொருளைப் பாருங்கள். நாணுடைமை அதிகாரம் "கருமத்தால் நாணுதல் நாணு" என்றுதான் தொடங்குகிறது (1011). தாம் செய்த இழிந்த செயலை எண்ணிக் கூசுவதுதான் நாண். பலர் முன்னால் தலைகுனிய வைப்பது அவமானப்படுத்தல். அது வெளியிலிருந்து வருவது. இன்றைய பேச்சில் "வெக்கம்" என்ற ஒரே சொல் கூச்சத்துக்கும் அவமானத்துக்கும் குற்ற உணர்வுக்கும் பயன்படுவதால், குறளின் நாணை அதோடு கலந்துவிடுகிறோம். இந்தச் சந்தேகத்தில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

அப்படியானால் நன்னயம் செய்வதன் நோக்கம் நாண வைப்பதா? "நாண" என்ற வடிவம் நோக்கத்தையும் குறிக்கலாம், விளைவையும் குறிக்கலாம். "நெல் விளைய மழை பெய்தது" என்றால் நெல்லை விளைவிக்க நினைத்து மழை பெய்யவில்லை. மழை பெய்ததன் பயன் விளைச்சல். "நாண" என்பதை விளைவாக எடுத்தால் பழிவாங்கும் எண்ணம் தானே கழன்றுபோகிறது. நோக்கமாக எடுத்தால் எண்ணம் தங்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கும் குறளே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. அதுதான் விடல்.

விடல் என்டதுக்கு உரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுது. ஒன்றில "மறந்துவிடு" என்டு இருக்கு, ஒன்றில அது இல்லவே இல்லை. எதை எடுக்கிறது?

இரண்டு வழியாகவும் படிக்க இலக்கணம் இடம் தருகிறது. அதனால்தான் உரைகள் பிரிகின்றன.

முதல் வழியில் "செய்து விடல்" ஒரே வினை. நாம் பேசும்போது "சொல்லிவிட்டேன்", "குடுத்துவிட்டார்" என்பதுபோல, செயல் முற்றாக நடந்து முடிந்தது என்பதை "விடு" காட்டுகிறது. அப்போது பொருள்: நன்மையைச் செய்து முடித்துவிடுதலே தண்டனை. மு. கருணாநிதியின் உரை இந்த வழியில் செல்கிறது. மறத்தல் பற்றி அதில் பேச்சில்லை. இந்த வாசிப்புக்கு நூலுக்குள்ளேயே துணை உண்டு. "மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம் / தகுதியான் வென்று விடல்" (158). அங்கே "வென்று விடல்" என்பது வென்றுவிடுக என்ற ஒரே வினைதான். கெடுதல் செய்தாரைப் பற்றிய அதே பேச்சு, ஈற்றிலே அதே சொல்.

இரண்டாவது வழியில் "செய்து" வேறு, "விடல்" வேறு. நன்னயம் செய்து, பிறகு விட்டுவிடுதல். எதை விடுவது என்று குறள் சொல்லாததால் உரையாசிரியர் நிரப்பவேண்டும். பரிமேலழகர் "அவ்விரண்டனையும் மறத்தல்" என்று நிரப்புகிறார்: அவர் செய்த கெடுதலையும், தாம் செய்த நன்மையையும். மு. வரதராசனார் உரையும் இதே வழி. மறக்காவிட்டால் அவை மறுபடியும் கிளைக்கும் என்று பரிமேலழகர் காரணமும் சொல்கிறார்.

இங்கே சற்று நின்று கவனிக்கவேண்டியது, "இரண்டு" என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது. அவர் அதைக் கற்பனையாகச் சேர்க்கவில்லை. குறளில் "செய்" என்ற வினை இரண்டு தடவை வருகிறது: இன்னா செய்தார், நன்னயம் செய்து. முதலாவது அவர் செயல், இரண்டாவது உங்கள் செயல். குறள் பெயர்சொல்லிக் குறிப்பிட்ட செயல்கள் இவ்வளவுதான். "விடல்" என்பதற்குச் செயப்படுபொருள் தேடினால் கண்முன் கிடப்பவை இந்த இரண்டும்தான். கெடுதலை மறக்கவேண்டும் என்பதற்கு 152 வெளிப்படையான துணை: "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை / மறத்தல் அதனினும் நன்று". ஜி. யு. போப்பின் 1886ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் கெடுதலைப் பொருட்படுத்தாது கடந்துபோகச் சொல்கிறது. ஆனால் தாம் செய்த நன்மையையும் மறக்கும் பகுதி அதில் வரவில்லை. ஆங்கிலத்தில் படித்துவிட்டு வரும் கொழும்புப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும். ஏனெனில் பழிவாங்கல் பற்றிய முந்திய கேள்விக்கு விடை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நான் நல்லது செய்தேன், அவர் நாணுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னும் கணக்குத் தீர்ப்பதுதான். தன் நன்மையையே மறந்தவருக்குப் பார்த்துக்கொண்டிருக்க எதுவும் இல்லை.

எதை எடுப்பது? பரீட்சையில் உங்கள் பாடநூல் தரும் உரையை எடுங்கள். நேரம் இருந்தால் மற்றதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுங்கள். நீங்களே அனுபவித்துப் படிக்கும்போது இரண்டில் ஒன்றைத் துரத்தவேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. நம் பேச்சில் "செய்துவிட்டேன்" என்று முடிக்கும்போதே "இனி அதில் வேலையில்லை" என்ற குறிப்பு உள்ளே இருக்கிறது. சண்டையை ஆற்றுகிற பெரியவர்கள் "சரி, விடுங்கோ" என்கிறார்களே, அந்த விடுதலும் இதே வினைதான். முடித்தலும் கைவிடுதலும் ஒரே சொல்லின் இரு முனைகளாக இருப்பதால், ஒரு வாசிப்பில் நின்றாலும் மற்றதின் சாயல் கேட்கவே செய்யும்.

நன்னயம் என்டு ஏன் சொன்னார்? நன்மை என்டு சொன்னால் போதாதா?

நன்மை செய்த செயலைச் சொல்லும். நயம் அதைச் செய்த விதத்தையும் சொல்லும். விருப்பம், கனிவு, இன்பம் எல்லாம் அதில் அடங்கும். பண்புடைமையில் "நயனொடு நன்றி புரிந்த" (994) என்று நயனும் நன்றியும் அருகருகே தனித்தனியாக நிற்பதைப் பாருங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுக்கும் உதவி நன்மையாகலாம், நன்னயம் ஆகாது.

வாசிக்கேக்க எங்க நிப்பாட்டுறது? அடி முடிவில நிப்பாட்டினால் பொருள் அறுபடுது.

உண்மைதான், இந்தக் குறளில் அடி முடிவும் பொருள் முடிவும் ஒன்றாகவில்லை. பொருளின் வெட்டு "ஒறுத்தல்" என்ற சொல்லுக்குப் பின். அடியின் வெட்டு "அவர்நாண" என்பதற்குப் பின். பயனிலைக்குரிய அவர், நாண என்ற இரண்டு சொற்கள் மேல் அடியில் தொங்கி நிற்கின்றன.

இதன் பயனைக் காதால் உணரலாம். முதல் அடியை மட்டும் படித்து நிறுத்துங்கள்: "இன்னா செய்தாரை ஒறுத்தல், அவர் நாண..." கெடுதல், தண்டனை, நாணம். எல்லாமே கடுமையான பக்கத்துச் சொற்கள். கேட்பவர் அடுத்து ஏதோ சவுக்கு வரப்போகிறது என்றுதான் எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பின் மேல் "நன்னயம்" என்ற சொல் வந்து இறங்குகிறது. மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும்போது "நாண" என்பதில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். இரண்டாம் அடியை இடைநிறுத்தாமல் முடியுங்கள்.

ஓசையும் இதற்கு உதவுகிறது. இரண்டு அடிகளின் முதற் சீர்கள் இன்னா–நன்ன என்று இரண்டாம் எழுத்தில் ஒத்து எதுகையாகின்றன. எதுகையால் கட்டப்பட்ட இரண்டு சொற்களும் பொருளில் நேர் எதிர். காது ஒன்றாகக் கேட்பதை மனம் எதிராக அறிகிறது.

வெண்பாவுக்குத் தளை தட்டாமல் இருக்கத்தான் இந்தச் சொற்களைப் போட்டிருப்பார். இதில பெரிய பொருள் இருக்கென்டு எப்படித் தெரியும்?

சோதித்துப் பார்க்கலாம். ஒரு சொல்லை எடுத்துவிட்டு, யாப்புக் கெடாத வேறொரு சொல்லை அந்த இடத்தில் வையுங்கள். வேறு சொல்லும் பொருந்துமானால், யாப்பு மட்டும் அந்தச் சொல்லைக் கட்டாயப்படுத்தவில்லை என்று ஆகிறது. பிறகு என்ன குறைந்தது என்று பாருங்கள்.

இந்தக் குறளின் சீர்கள் முறையே தேமாங்காய், தேமா, புளிமா, புளிமாங்காய், கூவிளம், தேமா, மலர். "அவர்நாண" இருக்கும் இடத்தில் "அவர்வருந்த" என்று வையுங்கள். அது கருவிளங்காய், நிரையில் தொடங்கிக் காயில் முடிவதால் முன்னும் பின்னும் தளை சரியாகவே நிற்கும். ஆனால் பொருள் குலைகிறது: நன்மை செய்தால் ஏன் வருந்தவேண்டும்? "நன்னயஞ்" என்ற இடத்தில் "நல்லவை" வைத்தாலும் அது கூவிளம்தான். எதுகை போய்விடுகிறது, நயம் என்ற கனிவும் போய்விடுகிறது. கடைசியில் "விடல்" என்பதை எடுத்துத் "தரல்" என்று வையுங்கள். அதுவும் ஈற்றுச்சீருக்குரிய மலர் வாய்பாட்டில் அமைகிறது, தளையும் கெடவில்லை. ஆனால் "செய்து தரல்" என்றதும் கொடுத்தவர், பெற்றவர் என்ற கணக்கு நிலைத்துவிடுகிறது. "விடல்" அந்தக் கணக்கையே மூடியது. "தரல்" அதைத் திறந்துவைக்கிறது.

மூன்று இடத்திலும் யாப்பு வேறு சொல்லை ஏற்றது, பொருள் ஏற்கவில்லை. இந்தச் சோதனையை மாணவர்கள் மிக விரும்பிச் செய்வார்கள். ஒரேயொரு கவனம் வேண்டும்: வைக்கும் சொல்லை அலகிட்டுப் பார்த்துத்தான் வைக்கவேண்டும். தளை தட்டும் சொல்லை வைத்துவிட்டு "பாருங்கள், பொருந்தவில்லை" என்றால் சோதனை செல்லாது.

இப்படிப் போனால் எதிலயும் எதையும் கண்டுபிடிக்கலாமே. எங்க நிப்பாட்டவேணும்?

நீங்கள் சொல்லும் ஒவ்வோர் அடுக்குப் பொருளுக்கும் குறளில் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்கவேண்டும்: ஒரு சொல், ஓர் ஈறு, சொல் நிற்கும் இடம், அல்லது வாக்கியம் முடிய நிரப்பியே ஆகவேண்டிய ஒரு விடுபாடு. இரண்டையும் மறத்தல் என்பதற்கு "விடல்" என்ற சொல்லும், இரு முறை வந்த "செய்" என்ற வினையும் சான்று. அதனால் அது நிற்கிறது. ஏழு சீர் இருப்பது ஏழு பிறப்பைக் குறிக்கிறது என்று யாராவது சொன்னால், எல்லாக் குறளுக்கும் ஏழு சீர்தான். அது இந்தக் குறளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதை விட்டுவிடலாம்.

நூலின் வேறு குறளைச் சான்றாகக் கொண்டுவரும்போதும் அங்கே அந்தச் சொல்லைச் செய்பவர் யார் என்று பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். 550ஐ இங்கே இழுத்துவந்து குழம்புவது அதைப் பார்க்காததால்தான்.

கொழும்பில உரைகளை ஒப்பிட்டுப் பார்க்க எங்க போறது?

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் தொடங்குங்கள். விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே பொது நூலகமும் இருக்கிறது. ஈழத்துப் பதிப்புகளை வீட்டிலிருந்தே தேட noolaham.org உண்டு. பரிமேலழகர் உரையைப் பரிசோதித்துப் பதிப்பித்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் ஒருவர். எந்தப் பதிப்பை எடுத்தாலும் பொழிப்புரையோடு நிற்காமல் அதன்பின் வரும் விளக்கக் குறிப்பையும் படியுங்கள். "மறத்தல்" ஏன் வந்தது என்ற காரணம் அங்கேதான் இருக்கும்.

இதே முறையில அடுத்ததா எந்தக் குறளை எடுக்கலாம்?

203ஐ எடுங்கள்: "அறிவினுள் எல்லாந் தலையென்ப தீய / செறுவார்க்கும் செய்யா விடல்." இதுவும் கெடுதல் செய்பவரைப் பற்றியது, இதுவும் விடலில் முடிகிறது. ஆனால் முன்னால் இருப்பது "செய்து" அன்று, "செய்யா". இங்கே "விடல்" செய்யாமல் விடுவதைக் குறிக்கிறது. 158இன் "வென்று விடல்", 203இன் "செய்யா விடல்", 314இன் "செய்து விடல்" ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் விடுவது எது, விடுபவர் யார், அது ஏவலா பெயரா என்று மூன்று பத்தியில் நிரப்பச் சொல்லுங்கள். 203இல் "செறுவார்" என்ற சொல் "செய்தார்" என்பதிலிருந்து காலத்தில் எப்படி வேறுபடுகிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். அங்கே கெடுதல் முடிந்துபோன ஒன்றாக இல்லை. க.பொ.த. சாதாரண தர மாணவர் ஒரு பாடவேளைக்குள் இதைச் செய்யலாம்.